கௌரி காப்புக்கு நாற்பத்தெட்டு நாள் கணக்கு இல்லை

ஆசிரியருக்கு,

சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர், கையில் கட்டும் சுவாமி நூல் எதுவானாலும் நாற்பத்தெட்டு நாளில் கழற்றி விடவேண்டும், அதற்கு மேல் வைத்திருந்தால் தோஷம் என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு எங்கள் ஒழுங்கையில் இரண்டு பேர் கேதார கௌரி காப்பைக் கழற்றிவிட்டார்கள். ஒருவர் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டிருக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காப்பு நூலைக் கழற்றும் நாள் அந்த நூலில் இல்லை, அது எந்த விரதத்துக்குக் கட்டப்பட்டதோ அதில் இருக்கிறது. கந்தசஷ்டிக் காப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி வளர்பிறைப் பிரதமையில் கட்டுகிறோம், சஷ்டியில் சூரன்போர், மறுநாள் கோயிலில் காப்பை அவிழ்த்துவிட்டுப் பாரணை. ஏழு நாளோடு அதன் வேலை முடிந்தது. பிள்ளையார் கதைக் காப்பு கார்த்திகைத் தேய்பிறைப் பிரதமையில் தொடங்கி மார்கழி வளர்பிறைச் சஷ்டி வரை போகும். தேய்பிறையில் பதினைந்து, வளர்பிறையில் ஆறு, ஆக இருபத்தொன்று. இரண்டிலும் நாற்பத்தெட்டுக்கு இடமே இல்லை.

கௌரி காப்பு இவற்றிலிருந்து கொஞ்சம் வேறு, விரதத்தின் கடைசி நாளில்தான் அதைக் கையில் கட்டுகிறோம். விரதம் புரட்டாதி வளர்பிறைத் தசமியில் தொடங்குகிறது. தசமியிலிருந்து பூரணை வரை ஆறு திதி, அப்புறம் அமாவாசை வரை பதினைந்து, இதுவும் இருபத்தொன்றுதான். திதி சில வேளை ஒரே நாளுக்குள் தொடங்கி முடிந்துவிடும் என்பதால், கலண்டரில் எண்ணினால் சில வருடம் இருபதுதான் வரும். வாக்கிய பஞ்சாங்கக்காரரும் திருக்கணிதக்காரரும் ஒரு நாள் முன்பின் ஆவதும் உண்டு. நீங்கள் காப்பு எடுக்கும் கோயில் எந்தப் பஞ்சாங்கமோ அதன்படி நடந்தால் போதும்.

நூலைப் பற்றிச் சொல்கிறேன். வெள்ளைப் பருத்தி நூலை இருபத்தொரு இழையாக எடுத்து, மெல்ல முறுக்கி, மஞ்சள் பூசிக் காயவிடவேண்டும். அதில் நாளுக்கு ஒரு முடிச்சு. புதிதாகச் செய்பவர்கள் பிழை விடுவது நீளத்தில்தான். மணிக்கட்டைச் சுற்றி அளந்து கொஞ்சம் கூட விட்டு வெட்டுவார்கள். இருபத்தொரு இழை சேர்ந்த தடிப்பில் ஒவ்வொரு முடிச்சும் முக்கால், ஒரு அங்குலம் தின்னும். பாதி முடிச்சிலேயே கயிறு முடிந்துபோகும். எங்கள் அம்மம்மா எப்போதும் ஒன்றரை முழம் எடுப்பார். இருபத்தொரு முடிச்சும் விழுந்த பிறகு கையைச் சுற்றிக் கட்ட அது சரியாக இருக்கும். இப்போது கோயிலிலேயே முடிச்சிட்ட காப்பு தருகிறார்கள். அதுவும் சரிதான், ஆனால் வாங்கும்போது நைலோனா பருத்தியா என்று பார்த்து வாங்குங்கள்.

கடைசி நாள் பூசை முடிந்து பெண்களுக்கு இடக்கையிலும் ஆண்களுக்கு வலக்கையிலும் கட்டுவார்கள். கட்டிய பிறகு எவ்வளவு காலம்? இங்கேதான் அந்த வாசகருக்குக் குழப்பம் வந்திருக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் கௌரி காப்பு அடுத்த கௌரி காப்பு வரை கையில் இருக்கும். புதியதைக் கட்டும் நாளில்தான் பழையதை அவிழ்ப்போம். இருபத்தொரு நாள் மட்டும் வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. உங்கள் வீட்டில் எது வழக்கமோ அதைச் செய்யுங்கள்.

துடக்கு வந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்பார்கள். எங்கள் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன், விரதத்தின் பதினான்காம் நாள் காலை மச்சாளின் மாமியார் காலமாகிவிட்டார். நூலில் பதின்மூன்று முடிச்சு விழுந்திருந்தது. சாமியறையைப் பூட்டிவிட்டு, விரதம் குழம்பிப்போனதே என்று செத்த வீட்டுக்குள்ளும் அவள் அதற்காகவும் சேர்த்து அழுதாள். மூத்த ஐயர் ஒருவரிடம் ஆள் அனுப்பிக் கேட்டோம். சங்கற்பம் செய்து தொடங்கிய விரதத்தை இடையில் வந்த துடக்கு முறிக்காது என்றார். ஒரு நேரச் சாப்பாடும் உபவாசமும் அவளுடைய உடம்போடு நடப்பவை, அவற்றை அவள் தொடரலாம். பூசையும் கோயிலும் மட்டும் துடக்கில்லாத வேறொருவர் கையால் நடக்கவேண்டும்.

கோயில் கொடியேற்றத்தில் குருக்களின் கையில் காப்புக் கட்டுகிறார்களே, அதையும் அவர் எடுத்துச் சொன்னார். காப்புக் கட்டிய குருக்களுக்குக் கொடியிறங்கிக் காப்பு அவிழும் வரை வீட்டுத் துடக்கு சேராது. தொடங்கிய காரியம் நடுவில் நிற்கக்கூடாது என்பதுதான் அங்கும் காரணம்.

பக்கத்து வீட்டு அக்கா அந்த நூலை வாங்கிக்கொண்டு போய் மிச்சம் எட்டு முடிச்சையும் நாளுக்கொன்றாகப் போட்டார், அமாவாசையன்று கோயிலில் பூசைக்கும் வைத்தார். காப்பை வெற்றிலையில் சுற்றித் தன் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வீடு கழுவி, மச்சாள் தலை முழுகிய பிறகுதான் அதைக் கையில் கட்டினோம். தொடங்குவதற்கு முன்பே துடக்கு வந்திருந்தால் கதை வேறு. சங்கற்பமே இல்லாததால் அந்த வருடம் புது நூல் எடுப்பதில்லை, பழைய காப்பே கையில் இருக்கும்.

வருடம் முழுக்க வைத்திருப்பதில் உள்ள சங்கடத்தையும் மறைக்கக்கூடாது. பருத்தி நனைந்தால் சுருங்கும், லேசில் காயாது. புதிதாகக் கட்டும்போது ஒரு விரல் தாராளமாக நுழையவேண்டும். கட்டின அன்று சரியாக இருந்தது மாரி மழையில் இறுகிவிடும். நூலை நகர்த்திப் பாருங்கள்: கீழே தோல் வெளுத்து ஊறியிருந்தாலோ, சிவந்து கடித்தாலோ, கை துடைக்கும் துவாயால் நூலையும் ஒற்றி எடுத்துச் சில நாள் உலர விடவேண்டும். புண்ணாகிவிட்டால் அவிழ்த்துச் சாமியறையில் வைத்துவிடுங்கள். நைலோன் இற்றுப்போகாது, பிள்ளைகளின் கையில் வெட்டும். பருத்தி மாட்டுப்பட்டால் அறுந்துவிடும், அது நல்லது. தானாக அறுந்தால் அபசகுனம் என்பது நாங்களாகச் சேர்த்துக்கொண்ட பயம். போன வருடம் எனக்குக் கண் சத்திரசிகிச்சைக்கு முன் தாதி நூலை வெட்டச் சொன்னபோது நானே கையை நீட்டினேன். வெட்டிய துண்டைக் கைலேஞ்சியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அவிழ்த்த காப்பைக் கால்படும் இடத்தில் போடுவதில்லை. கடலோரத்தவர்கள் கடலில் விடுவார்கள். எங்களுக்குக் கிணற்றடிச் செவ்வரத்தை இருக்கிறது, அதன் வேரடியில் புதைப்போம். பருத்தி மண்ணோடு மண்ணாகிவிடும். குப்பைக் கூடையிலிருந்து எடுத்த அந்த ஒழுங்கைக்காரரின் காப்பையும் அங்கேதான் புதைத்தோம். அவர் அடுத்த ஐப்பசி அமாவாசை வரை வெறுங்கையோடு இருக்கவேண்டியதுதான்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கோண்டாவில்