பாப்பாவுக்கு, லீவு லெட்டர் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு, கும்பகோணத்திலிருந்து அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

டில்லி ஆபீஸில் கொடுப்பதற்கு நீ எழுதி அனுப்பிய லீவு லெட்டரைப் படித்தேன். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை முதல் புதன்கிழமை வரை ஆறு நாள் ஈட்டிய விடுப்பு, காரணம் "சகோதரி திருமணம்" என்று எழுதியிருக்கிறாய். இரண்டையும் மாற்ற வேண்டும்.

முதலில் காரணம். கல்யாணப் பெண் உனக்கு ஒன்றுவிட்ட அத்தை மகள். அப்படியே எழுது. தூரத்து உறவுக்கு லீவு தரமாட்டார்களோ என்று பயந்து சகோதரி என்று போட்டிருப்பாய் என நினைக்கிறேன். உறவு நெருக்கமாக இருந்தால்தான் தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு தரலாம் என்று எந்த விதியிலும் இல்லை. லீவு நம் உரிமை இல்லை, வேலை நெருக்கடி என்றால் மறுக்கலாம் என்பதுதான் விதி. அப்படி மறுப்பதென்றால் சொந்தத் தங்கை கல்யாணத்துக்கும் மறுக்கலாம். இன்று சகோதரி என்று எழுதிவிட்டு, நாளைக்கு நிஜமாகவே தம்பி கல்யாணத்துக்குக் கேட்கும்போது பழைய தாள் கோப்பில் இருக்கும். பொதுப்பணித்துறை அலுவலகத்தில் பணியமைப்புப் பிரிவில் உட்கார்ந்து இப்படிப்பட்ட தாள்களைப் புரட்டியவன் சொல்கிறேன், யாரோ ஒருவர் கண்ணில் அது படும்.

ஆனால் நீ ஏன் அவசியம் வர வேண்டும் என்பதை ஒரு வரியில் சேர்க்கலாம். அத்தைக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி கிடையாது. பெண்ணுக்குத் தாய்மாமன் முறையில் நான்தான் சீர் செய்கிறேன். சீர்த்தட்டு எடுக்க வீட்டுப் பெண் நீதான். "குடும்பச் சடங்கில் பங்கு உண்டு" என்று எழுதினால் போதும், அது உண்மையும்கூட.

அடுத்தது நாள் கணக்கு. இதில்தான் உனக்கு நஷ்டம் வருகிறது. முகூர்த்தம் திங்கட்கிழமை காலை 6 மணிக்கு மேல் 7.30க்குள். ஞாயிறு சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, சீர் வரிசை. ஆகவே ஞாயிறு காலையில் நீ இங்கே இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு லீவு போடுகிறவர்கள் முகூர்த்த நாளை வைத்து முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று குத்துமதிப்பாகப் போடுவார்கள். நீ ரயிலிலிருந்து தொடங்கு.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது டில்லியில் இரவு கிளம்பி மூன்றாம் நாள் காலை சென்னை சென்ட்ரல் வருகிறது. வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் முடித்துவிட்டே ஏறலாம், அதனால் வியாழன் உனக்கு வேலை நாள்தான். வெள்ளி முழுவதும் ரயிலில். சனிக்கிழமை விடிந்தால் சென்னை. எழும்பூரிலிருந்து சோழன் எக்ஸ்பிரஸ் காலை 8 மணிக்குள் கிளம்பிவிடும், மதியத்துக்கு மேல் கும்பகோணம். சனி, ஞாயிறு உங்களுக்கு விடுமுறை. அப்படியானால் வருவதற்கு வெள்ளி ஒரே ஒரு நாள்தான் லீவு.

அந்த வெள்ளியையும் மிச்சம் பிடிக்கலாமே, வெள்ளி இரவு ஏறினால் ஞாயிறு காலை சென்னை வந்துவிடுவேனே என்று உனக்குத் தோன்றும். தாளில் அது சரியாகத்தான் வரும். ஆனால் சென்ட்ரலில் இறங்கி, பெட்டியோடு எழும்பூர் போய்ச் சோழனைப் பிடிக்க உனக்குக் கிடைப்பது சுமார் ஒரு மணி நேரம். ஆவணியில் நாக்பூர், பல்லார்ஷா, வாரங்கல் பக்கம் மழைக்காலம். டில்லி வண்டி ஒரு மணி நேரம் தாமதித்தாலே சோழன் போய்விடும். சனிக்கிழமை அது நடந்தால் கிளாம்பாக்கம் போய் பஸ் ஏறி ராத்திரிக்குள் வந்துவிடலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. ஞாயிற்றுக்கிழமை நடந்தால் நீ வந்து சேரும்போது சீர் வரிசை முடிந்திருக்கும். சரி, ஒரு நாள் லீவு போனாலும் போகட்டும், வியாழன் இரவே ஏறு. தை மாதக் கல்யாணமாக இருந்தால் நானே இன்னும் ஒரு நாள் முன்னதாகக் கிளம்பச் சொல்லியிருப்பேன். டில்லிப் பக்கத்து மூடுபனியில் வண்டி எத்தனை மணி நேரம் தாமதிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

திரும்புவதற்குத் திங்கள் இரவே கிளம்புவதாக எழுதியிருக்கிறாய். அந்த வண்டி செவ்வாய் விடியற்காலை உன்னை எழும்பூரில் இறக்கிவிடும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சென்ட்ரலை விட்டுக் கிளம்புவதோ இரவு 10 மணிக்கு. பகல் முழுவதும் சென்னையில் என்ன செய்வாய்? செவ்வாய்க்கிழமை சோழன் பகல் 12 மணிக்கு மேல் கும்பகோணம் வருகிறது. அதில் ஏறினால் சாயங்காலம் 6 மணி வாக்கில் எழும்பூர். இரவு வண்டிக்கு நிறைய நேரம் இருக்கிறது, கொஞ்சம் தாமதித்தாலும் பயமில்லை. எப்படிக் கிளம்பினாலும் செவ்வாய், புதன் இரண்டும் லீவுதான். வியாழன் காலை டில்லியில் இறங்கி ஆபீஸ் போவதும் மாறாது. லீவு ஒரு நாள்கூடக் கூடாமல் திங்கள் இரவு நம் வீட்டில் படுத்துத் தூங்கலாம். இதை அம்மாவிடம் சொன்னேன். கணக்குப் போட்ட தாளை வாங்கி அவளும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

ஆகவே வேலை நாள்களில் லீவு என்று பார்த்தால் வெள்ளி, திங்கள், செவ்வாய், புதன். நாலே நாள். நீ ஆறு நாள் ஈட்டிய விடுப்பு கேட்டால், நடுவில் வருகிற சனி ஞாயிறும் விடுப்பாகவே கழியும். தற்செயல் விடுப்பில் நடுவில் வருகிற விடுமுறையைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், நாலு நாள்தான் கழியும். எங்களுக்கு மாநில அரசில் வருஷத்துக்கு 12 நாள், உங்களுக்கு மத்திய அரசில் 8. நீ இதுவரை இரண்டு எடுத்திருப்பதாகச் சொன்னாய், ஆக 6 மீதி. ஒரே மூச்சில் ஐந்து நாளுக்கு மேல் தற்செயல் விடுப்பு சாதாரணமாகத் தர மாட்டார்கள், நாலு அதற்குள் அடங்குகிறது. கையில் இரண்டு நாள் மிஞ்சும்.

அந்த இரண்டு நாள் டிசம்பர் வரை போதுமா என்பதை நீதான் பார்க்க வேண்டும். அடிக்கடி ஜுரம் தலைவலி என்று அரை நாள் போடுகிற பழக்கம் இருந்தால் போதாது. அப்போது ஈட்டிய விடுப்பே போடு, ஆறு நாள் கழிகிறது என்று தெரிந்தே போடு. ஜனவரியிலும் ஜூலையிலும் 15, 15 என்று வரவு வைப்பதால் ஈட்டிய விடுப்பு சேரும், சேர்த்தும் வைக்கலாம். தற்செயல் விடுப்பு டிசம்பர் 31 தாண்டினால் செல்லாது. என்னைக் கேட்டால் தற்செயல் விடுப்பு போடுவதே சரி.

ஒன்று மட்டும் செய்யாதே. வெள்ளிக்கிழமைக்குத் தற்செயல் விடுப்பு, திங்கள் முதல் புதன் வரை ஈட்டிய விடுப்பு, நடுவில்தான் சனி ஞாயிறு இருக்கிறதே என்று பிரித்துப் போடாதே. எங்கள் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் திருச்செந்தூர் போய்வர இப்படிப் போட்டார். இரண்டு தனித்தனி தாள், மேலே இருந்தவர் இரண்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிறகு தணிக்கையில் வருகைப் பதிவேட்டையும் விடுப்புக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நடுவில் வேலைக்கு வந்த கையெழுத்து ஒன்றும் இல்லை, விடுமுறைக் குறி மட்டும் இருந்தது. தற்செயல் விடுப்பை வேறு விடுப்போடு சேர்க்கக் கூடாது, இடையில் இருக்கும் ஞாயிறு அதைப் பிரித்துவிடாது. மொத்தத்தையும் ஈட்டிய விடுப்பாக மாற்றிச் சிவப்பு மையில் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. பாவம், அவருக்கு நல்ல எண்ணம்தான், விதி தெரியவில்லை.

நீ ஆங்கிலத்தில்தான் எழுதுவாய். என்ன இருக்க வேண்டும் என்பதைத் தமிழில் தருகிறேன்:

"எனது ஒன்றுவிட்ட அத்தை மகளின் திருமணம் கும்பகோணத்தில் திங்கட்கிழமை நடைபெறுகிறது. குடும்பச் சடங்கில் எனக்குப் பங்கு உள்ளது. ஆதலால் வெள்ளி ஒரு நாளும், திங்கள் முதல் புதன் வரை மூன்று நாள்களும், ஆக நான்கு நாள்கள் தற்செயல் விடுப்பு வழங்கவும், இடையில் வரும் சனி, ஞாயிறு விடுமுறைகளைத் துய்க்கவும், வியாழன் அலுவலக நேரத்துக்குப் பின் தலைமையிடத்தை விட்டு வெளியே செல்லவும் அனுமதிக்க வேண்டுகிறேன். வியாழன் முற்பகல் பணிக்குத் திரும்புவேன்."

கிழமையோடு தேதியையும் போடு. கீழே நம் வீட்டு முகவரியும் என் போன் எண்ணும் இருக்கட்டும். ஊரை விட்டுப் போக அனுமதி என்பது தனி, அதைப் பலர் விட்டுவிடுவார்கள். லீவு கிடைத்தாலும் அது இல்லாமல் கிளம்பக் கூடாது. ரயில் நேரத்தை லெட்டரில் எழுத வேண்டாம், டிக்கெட் நகல் மட்டும் இணை. ஏன் புதன் வரை என்று அதிகாரி கேட்டால் அதுவே பதில் சொல்லும்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது, காலை 8 மணிக்கு. லீவு உத்தரவு வரும்வரை காத்திருந்தால் இடம் போய்விடும். அதனால் இந்த வாரமே பிரிவு அதிகாரியிடம் வாய்மொழியாகச் சொல்லி, அவர் தலையசைத்ததும் டிக்கெட் எடு, லெட்டரை அப்புறம் கொடு. உன் இருக்கையை அந்த நாலு நாள் யார் பார்ப்பார்கள் என்று நீயே பேசி முடித்துவிட்டுப் போனால் பாதி வேலை முடிந்தது. எங்கள் அலுவலகத்தில் ஜூன் 12 மேட்டூர் திறப்பை ஒட்டி யார் லீவு கேட்டாலும் கஷ்டம்தான், ஆனால் "என் கோப்பை இவர் பார்க்கிறார்" என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களுக்குக் கிடைத்தது. உன் பிரிவில் அந்த வாரம் நாடாளுமன்றக் கேள்வி ஏதும் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்.

திரும்பும்போது வண்டி தாமதித்து வியாழன் காலை ஆபீஸ் போக முடியாவிட்டால் ரயிலிலிருந்தே அதிகாரிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு. மதியம் போனால் அரை நாள் தற்செயல் விடுப்பு, அதோடு தீர்ந்தது. சொல்லாமல் போனால் அனுமதியில்லாத வராமை என்று எழுத இடம் கொடுத்ததாகும்.

நாலு டிக்கெட்டும் எடுத்ததும் பெட்டி எண், படுக்கை எண் எல்லாம் எழுதி அனுப்பு. சனிக்கிழமை மதியம் நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். சீருக்கு உனக்கு எடுத்த பட்டுக்கு ரவிக்கை தைக்க அம்மா அளவு கேட்கிறாள், அதையும் மறக்காமல் அனுப்பு.

அன்புடன்,
அப்பா