எருமைகளை விரட்டும் முன்: எங்கள் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

பள்ளிக்கரணைப் பக்கம் நம் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிற தாங்கலைச் சுற்றி வேலி போட்டு நடைபாதை அமைக்கப்போவதாகவும், எருமைகளை இனி உள்ளே விடப்போவதில்லை என்றும் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தீர்கள். நடைபாதை வரட்டும், நானும் நடப்பேன். ஆனால் அதே செய்தியில், மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு குழாயும் சிமெண்ட் தொட்டியும் கட்டிக் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்த மடல். குழாயும் தொட்டியும் தாகத்துக்குச் சரி. எருமை குட்டைக்குள் இறங்குவது தாகத்துக்காக இல்லை, சோம்பேறித்தனத்தாலும் இல்லை. உடம்புச் சூட்டை வெளியே தள்ள அதற்கு வேறு நல்ல வழி கிடையாது.

எருமைத் தோலில் வியர்வைச் சுரப்பிகள் ரொம்பக் குறைவு. பசுவுக்கு இருப்பதில் ஆறில் ஒரு பங்கு என்று சில கணக்குகள், பத்தில் ஒரு பங்கு என்று சில. எப்படிப் பார்த்தாலும் வியர்த்துக் குளிர்வது அதற்கு அவ்வளவாகக் கைகொடுக்காது. தோலோ கறுப்பு, மேலே முடியும் அடர்த்தியாக இல்லை, அதனால் வெயில் நேராகத் தோலில் இறங்குகிறது. இது வெளியே இருந்து வரும் சூடு. உள்ளேயும் ஒரு அடுப்பு எரிகிறது: காலையில் மேய்ந்த புல் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்களால் புளித்துச் செரிக்கும்போது வெப்பம் வந்துகொண்டே இருக்கும், பால் சுரப்பதும் தன் பங்குக்குச் சூட்டைக் கூட்டும். உச்சி வெயிலும் இந்த உள் சூடும் சேர்ந்து வருகிற நேரத்தில்தான் அவை தண்ணீரில் படுத்துக்கொண்டு அசைபோடுவதை நீங்கள் மாடியிலிருந்து பார்க்கிறீர்கள். சும்மா கிடப்பதுபோலத் தெரியும், செரிமானம் முழு வேகத்தில் நடந்துகொண்டிருக்கும்.

சரி, குழாய்த் தண்ணீரைப் பிடித்து மேலே ஊற்றினால் போதாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 கிலோ எருமையின் உடம்புச் சூடு ஒரே ஒரு டிகிரி ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இறக்க ஏறக்குறைய 420 கிலோகலோரி வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். 15 லிட்டர் வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றி, அந்தத் தண்ணீர் வழிந்து போவதற்குள் மூன்று டிகிரி சூடாகிவிட்டது என்று தாராளமாகவே வைத்தாலும், அது எடுத்துப்போவது 45 கிலோகலோரிதான். ஒன்பது வாளிக்கு மேல் ஊற்றினால் ஒரு டிகிரி இறங்கும், அதுவும் ஒரு எருமைக்கு, அந்த நேரத்துக்குள் வெயிலும் வயிறும் புதிதாகச் சூட்டைச் சேர்க்காமல் இருந்தால்!

தோலில் தங்கிய ஈரம் காய்ந்தால் நிறையக் குளிர்ச்சி கிடைக்குமே என்று நம் குழுவில் ஒரு பொறியாளர் சார் எழுதியிருந்தார். உண்மைதான். முக்கால் லிட்டர் தண்ணீர் தோலிலிருந்து ஆவியானாலே அந்த ஒரு டிகிரி போய்விடும். அதனால்தான் ஹரியானா மாதிரி வறண்ட கோடைக் காற்று வீசும் ஊர்களில் தெளிப்பானும் மின்விசிறியும் வைத்துப் பண்ணை நடத்துகிறார்கள், நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் நாம் இருப்பது சென்னையில். மே மாத மதியம் கடல்காற்று உள்ளே வந்ததும் வெயில் கொஞ்சம் தணியும், புழுக்கம் ஏறும், நம் சட்டையே உடம்பில் ஒட்டிக்கொண்டு காய மாட்டேன் என்கிறது. ஈரக் காற்றில் ஆவியாதல் மந்தமாகிவிடும். தெளிப்பானும் நனைத்த கோணியும் இங்கே ஓரளவுக்குத்தான். தண்ணீரில் முழுகிக் கிடப்பதோ காற்றின் ஈரத்தை நம்பியிருக்கிற வேலையே இல்லை. தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் விரிந்து உள்ளே இருக்கும் சூட்டைத் தோலுக்குக் கொண்டுவரும், தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீர் அதை நேரடியாக வாங்கிக்கொள்ளும். வெப்பத்தைக் கடத்துவதில் நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல். இப்படி மெதுவாக உடம்பின் உள்பகுதி வரை சூடு இறங்க வேண்டும் என்பதால்தான் பத்து நிமிடத்தில் எழுந்து வராமல் மணிக்கணக்கில் கிடக்கின்றன.

அப்புறம் சேறு. நம் பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் முர்ரா கலப்பு, ஆற்றெருமை வகை. அவற்றுக்குத் தண்ணீர்தான் முதல் விருப்பம், தண்ணீர் வற்றினால் சேற்றில் புரளும். வடகிழக்கு மாநிலங்களில் இருக்கும் சதுப்பு எருமைகள்தான் சேற்றையே தேடிப் போகிறவை. எதுவாக இருந்தாலும் சேற்றுப் பூச்சுக்கு ஒரு பயன் உண்டு. வெறும் தண்ணீர் வழிந்துவிடும், சேறு ஈரத்தைப் பிடித்து வைத்து, எருமை கரையேறிய பிறகும் கொஞ்ச நேரம் குளிர்ச்சி தரும், வெயில் தோலைத் தொடாமல் மறைக்கும். ஈயும் கொசுவும் கடிப்பதும் குறையும். நம் ஆட்கள் பைப் வைத்து அந்தச் சேற்றைக் கழுவிவிடச் சொன்னதைக் கேட்டு எங்களுக்குப் பால் ஊற்றும் அக்கா சிரித்ததில் ஆச்சரியமே இல்லை.

சிமெண்ட் தொட்டியைப் பெரிதாகவே கட்டிவிடலாமே என்பீர்கள். இரண்டு அடி ஆழத் தொட்டி வெயிலில் கிடந்தால் மதியத்துக்குள் தண்ணீரே சூடாகிவிடும். தண்ணீரின் சூடு தோலின் சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அதில் படுத்தும் லாபமில்லை. ஆழமும் ஓரமாக நிழலும் வேண்டும். படிக்கட்டு ஆகாது, வழுக்காத சரிவு வேண்டும். இவை எல்லாம் தாங்கலில் ஏற்கெனவே இருக்கின்றன, காசு செலவில்லாமல்.

தண்ணீர் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே பார்க்கலாம். நிழலில் நிற்கும் எருமையின் விலாவைக் கவனித்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். சாதாரணமாக இருபதைச் சுற்றி இருக்கும். நாற்பதைத் தாண்டினால் அது சூட்டில் தவிக்கிறது. அதற்கும் மேலே போனால் வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி, எச்சில் ஒழுக நிற்கும். தீவனம் குறையும், பால் குறையும். கோடையில் பருவத்துக்கு வந்தாலும் கத்தாமல், அடையாளம் காட்டாமல் போய்விடும் ஊமைப் பருவம் எருமையில் சகஜம், சூடு அதை இன்னும் மோசமாக்கும். பருவத்தைத் தவறவிட்டால் சினை தள்ளிப்போகும், அடுத்த ஈற்றும் தள்ளிப்போகும், அந்த இடைவெளி முழுக்கத் தீவனச் செலவு அவர்கள் தலையில்.

உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. தண்ணீரில் சாணி போடுகின்றன, கரையைக் கலக்குகின்றன. சாக்கடை கலந்த தண்ணீர் எருமைக்கும் கேடுதான்: எலிக்காய்ச்சல் பரவலாம், நத்தை இருந்தால் கல்லீரல் புழு வரலாம், மடிநோய் வரலாம். கறந்து முடித்ததும் காம்புத் துளை உடனே மூடிக்கொள்ளாது, அந்த அரை மணி நேரம் குட்டையில் இறக்கக் கூடாது என்பது மாடு வைத்திருப்பவர்களில் எல்லோருக்கும் தெரிவதில்லை. இதையெல்லாம் அவர்களைக் கூப்பிட்டுப் பேசலாம். தாங்கலில் வந்து விழும் கழிவுநீர்க் குழாய் நம் பக்கத்திலிருந்து வருகிறது என்பதையும் அதே கூட்டத்தில் பேசலாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். வேப்பமரம் நிழல் விழும் மேற்கு மூலையை வேலிக்கு வெளியே விடுங்கள். கழிவுநீர் விழும் இடத்திலிருந்து அது தள்ளியே இருக்கிறது, கரையும் சரிவாக இருக்கிறது. காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை எருமைகள் அங்கே கிடக்கட்டும், அந்த வெயிலில் நாம் யாரும் நடக்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வேலியின் வரைபடத்தைக் கொண்டுவரும்போது அந்த மூலையில் பன்னிரண்டு அடிக்கு ஒரு திறப்பு விட்டு வரைந்து வாருங்கள். பால்கார அக்காவையும் நான் அழைத்து வருகிறேன், நேரத்தை அவர் முன்னாலேயே முடிவு செய்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
பி பிளாக் குடியிருப்பாளர்