அந்த 62-ஐ நம்பாதே

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் "புள்ளியியல் போச்சுப்பா, 62-தான் காட்டுது" என்று நீ சொன்னதிலிருந்து மனசு கேட்கவில்லை. நீ அனுப்பிய மதிப்பெண்களையும் சிலபஸின் முதல் பக்கத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த 62-ஐ நீ இப்போதைக்கு மறந்துவிடலாம், ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் சிலபஸில் அசைன்மென்ட்டுக்கு 20, இடைத்தேர்வுக்கு 25, ப்ராஜெக்ட்டுக்கு 20, இறுதித் தேர்வுக்கு 35. அசைன்மென்ட் மொத்தம் ஐந்து, ஆக ஒன்றுக்கு 4. நீ இதுவரை எழுதியது மூன்று: 90, 80, 70. சராசரி 80, அதாவது 12-க்கு 9.6 உன் கையில் இருக்கிறது. இடைத்தேர்வில் 48, அது 25-க்கு 12. இரண்டையும் கூட்டினால் 21.6. இதை இனி யாரும் உன்னிடமிருந்து பறிக்க முடியாது. முடிந்துபோன பங்கு 37, அதில் நீ இழந்தது 15.4. மீதி 63 இன்னும் திறந்தே இருக்கிறது. எல்லாவற்றிலும் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் 84.6-ஐத் தாண்ட முடியாது, அதையும் இப்போதே தெரிந்துகொள். 85 மேல் ஆசை இருந்தால் அதை விட்டுவிடு, ஆனால் மொத்தத்தில் 70 வேண்டும் என்று கேட்டாயே, அது எங்கும் போய்விடவில்லை.

சரி, போர்ட்டலில் அந்த 62 எங்கிருந்து வந்தது? நீ இன்னும் எழுதாத இரண்டு அசைன்மென்ட்டிலும் அதே 80 வரும் என்பதுபோல, அசைன்மென்ட்டின் 20 முழுவதையும் அது எடுத்துக்கொண்டது. இடைத்தேர்வையும் சேர்த்தால் 45-க்கு 28, அதுதான் 62.2. ப்ராஜெக்ட்டும் இறுதித் தேர்வும் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை, பாதிக்கு மேல் வெளியே நிற்கிறது.

இப்போது 70-க்கு வருவோம். 70-ல் 21.6 போனால் 48.4. அதைத் திறந்திருக்கிற 63-லிருந்து எடுக்க வேண்டும், அதாவது சராசரியாக 77. கேட்க பயமாக இருக்கும், ஆனால் 77-ஐ எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வாங்க வேண்டியதில்லை. மீதி இரண்டு அசைன்மென்ட்டில் 90, ப்ராஜெக்ட்டில் 85 வந்தால் அதுவே 24.2. அப்புறம் இறுதித் தேர்வில் 69-க்குக் கொஞ்சம் மேல் வந்தால் போதும். அதே ப்ராஜெக்ட்டைக் கடைசி வாரம் அவசரமாக முடித்து 60 வாங்கினால், தேர்வில் 83-க்கு மேல் வேண்டியிருக்கும். மூன்று மணி நேரத்தில் எழுதுகிற தேர்வில் 14 மதிப்பெண் கூட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று இடைத்தேர்வு எழுதிய உனக்கே தெரியும். ப்ராஜெக்ட்டுக்கு நேரம் இருக்கிறது, ஆசிரியரிடம் முன்னாலேயே காட்டித் திருத்திக்கொள்ளலாம். என் பார்வையில் உன் 70 அங்கேதான் இருக்கிறது.

நீயோ மூன்றாவது அசைன்மென்ட்டின் 70-ஐத் திருத்தக் கேட்டு இரண்டு நாளாக மெயில் எழுதிக்கொண்டிருக்கிறாய். அவர்கள் மனம் இறங்கி நூறே போட்டாலும் மொத்தத்தில் கூடுவது 1.2-தான். ப்ராஜெக்ட்டில் ஆறு மதிப்பெண் கூடுதலாக வாங்கினால் அதே 1.2 வந்துவிடும். கூட்டல் பிழை என்றால் ஒரு வரி எழுதி அனுப்பு, இல்லையென்றால் விட்டுவிடும்மா.

இன்னொன்று பார்க்க வேண்டும். நீ படம் எடுத்து அனுப்பியது முதல் பக்கம் மட்டும், விதிகள் பெரும்பாலும் அடுத்த பக்கத்தில் இருக்கும். மிகக் குறைந்த அசைன்மென்ட்டை நீக்குவார்களா? நீக்கினால் அந்த 70 போய்விடும், மீதி நான்கும் ஒவ்வொன்றும் 5 ஆகிவிடும், நான் மேலே போட்ட கணக்கு உனக்குச் சாதகமாகக் கொஞ்சம் மாறும். ஆனால் அடுத்த இரண்டில் ஒன்று 70-க்குக் கீழே போனால் நீங்குவது அதுவாக இருக்கும், 70 திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். இடைத்தேர்வைவிட இறுதித் தேர்வில் அதிகம் வாங்கினால் அதையே எடுத்துக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படி இருந்தால் முடிந்துபோனது என்று நான் சொன்ன இடைத்தேர்வின் 25-ம் திறந்துகொள்ளும், கணக்கு முழுக்கவே வேறு. இதற்கு நேர்மாறாக, இறுதித் தேர்வில் தனியாக இவ்வளவு வாங்கினால்தான் தேர்ச்சி என்றும் இருக்கலாம். அப்படியென்றால் ப்ராஜெக்ட்டில் எவ்வளவு சேர்த்தாலும் அந்த வரம்பைத் தாண்டாமல் பயனில்லை.

அந்த இரண்டாம் பக்கத்தைப் படம் எடுத்து இன்று இரவே அனுப்பு. ப்ராஜெக்ட்டுக்கு எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று தனித் தாள் கொடுத்திருந்தால் அதையும் சேர்த்து அனுப்பு, நான் உட்கார்ந்து பார்க்கிறேன். சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

அப்பா