மேலுதட்டுக்கு எது ஆகும், எது ஆகாது

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்றிரவு நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலுதட்டின் வலப்பக்கத்தில், மெழுகுப் பட்டை வைத்த அளவுக்கே, நேர்க்கோடாக ஓர் ஓரத்தோடு தோல் சிவந்து பளபளத்துக் கிடக்கிறது. தண்ணீர் பட்டால் எரிகிறது என்கிறாய். வேக்ஸிங் ஒத்துக்கொள்ளவில்லை, இனி முடி நீக்கும் க்ரீமுக்கு மாறிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். மாறாதே. ஏன் என்பதைத் தொலைபேசியில் சொன்னால் பாதியில் விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

இது ஒவ்வாமை இல்லை. ஒவ்வாமையாக இருந்தால் எரிச்சலை விட அரிப்பு அதிகமாக இருக்கும். மெழுகு தொட்ட இடத்தைத் தாண்டியும் தடிப்பு பரவும். வேர்க்கால் அழற்சியும் இல்லை. அது மறுநாளோ அதற்கடுத்த நாளோ, முடி இருந்த புள்ளிகளில் மட்டும், சில சமயம் சீழ் முனையுடன் சிறு கொப்புளங்களாக எழும். உனக்கு நேர்ந்தது மேல்தோல் மெழுகோடு சேர்ந்து உரிந்து வந்தது. பருவுக்காக இரண்டு மாதமாக இரவில் அடாபலின் ஜெல் தடவி வருகிறாயே, அதுதான் காரணம். அந்த ஜெல் வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்தது. தோலின் மேலடுக்கை மெலிதாக்கி, செல்களுக்கு இடையிலான பிடிப்பையும் தளர்த்திவிடும். மெழுகு முடியை மட்டும் பிடிப்பதில்லை, தோலின் மேற்பரப்பையும் பிடித்துக்கொண்டுதான் இழுக்கிறது. நல்ல தோலில் உதிர வேண்டிய செல்கள் மட்டும் வரும். மெலிந்த தோலில் ஒரு படலமே வந்துவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பார்லர் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் வந்த ஒரு பெண்ணுக்கு மேலுதட்டில் வேக்ஸ் போட்டு இழுத்தபோது, பட்டையின் அடியில் ஈரமான மெல்லிய தோல் ஒட்டியிருந்தது. அவள் முகத்துக்கு என்ன தடவுகிறாள் என்று நான் கேட்கவில்லை, தவறு என்னுடையதுதான். அன்று முதல், முகத்தில் கை வைப்பதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் தொடங்குவதில்லை. தடவும் ஜெல்லாக இருந்தால் குறைந்தது ஒரு வாரம் நிறுத்திய பிறகுதான் வேக்ஸ் போடுவேன். பருவுக்காக ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதை நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை வேக்ஸே போடுவதில்லை.

இப்போது க்ரீமுக்கு வருகிறேன். அது முடியைப் பிடுங்குவதில்லை, கரைக்கிறது. அதிலுள்ள தயோகிளைகோலேட் உப்பு, முடியின் கெரட்டின் புரதத்தைக் கட்டிவைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை அறுத்துவிடும். நேர்முடியைச் சுருட்டும் பெர்மிங் கரைசலிலும் இதே குடும்பத்து மருந்துதான் இருக்கிறது. அந்த அழுகிய முட்டை நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது. இந்த உப்பு வேலை செய்யக் கடுமையான காரத்தன்மை வேண்டும் என்பதால், இத்தகைய க்ரீமின் பி.எச். ஏறக்குறைய 12 வரை இருக்கும்; நம் தோலோ 5-ஐ ஒட்டி இலேசான அமிலத்தன்மை கொண்டது. தோலின் மேலடுக்கும் அதே கெரட்டினால் ஆனது என்பதுதான் சிக்கல். முடி கரையும் நேரத்துக்கும் தோல் புண்ணாகும் நேரத்துக்கும் இடையில் சில நிமிடங்கள்தான் இருக்கின்றன. ஏற்கெனவே உரிந்த தோலில் அந்த இடைவெளியே கிடையாது. மேலுதட்டில் முகத்துக்கென்று செய்த க்ரீம் தவிர வேறு எதையும் தடவக் கூடாது. அதையும் இந்த நிலையில் உனக்கு நான் சொல்ல மாட்டேன். இத்தனைக்கும் அது முடியைத் தோலின் மட்டத்தில்தான் அறுக்கிறது. ஒரு வாரத்துக்குள் மறுபடி தலைகாட்டிவிடும்.

ஆகவே முகத்துக்கு நூல்தான். முறுக்கிய பருத்தி நூல் முடியை மட்டும் கவ்வி வேரோடு எடுக்கிறது. தோலில் ஒட்டுவதும் இல்லை, மருந்தும் இல்லை. வலி உண்டு, கண்ணீர் வரும், சிவப்பு சில மணி நேரம் நிற்கும். தோல் தளர்வாக இருந்தால் நூல் அதையும் கிள்ளிவிடும் என்பதால், நாக்கை உள்ளிருந்து மேலுதட்டுக்கு முட்டுக் கொடுத்துக்கொள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்கிறவர்களிடம் உட்காராதே. எச்சில் பட்ட நூல் சற்றுமுன் திறந்த வேர்க்கால்களின் மேல் ஓடும். கழுத்தில் கட்டிக்கொண்டு செய்யச் சொல், புது நூல் எடுக்கச் சொல். இரண்டே வாரத்தில் சில முடிகள் தெரிந்தால் அவர்கள் சரியாக எடுக்கவில்லை என்று பொருள் இல்லை. எல்லா முடியும் ஒரே சமயத்தில் வளர்வதில்லை. அன்று தோலுக்கு அடியில் இருந்தவை இப்போது வெளியே வருகின்றன, அவ்வளவே.

கை கால்களுக்கு நூல் ஆகாது, பொழுது விடிந்துவிடும். அங்கே நீ ஜெல் எதுவும் தடவுவதில்லை, தோலும் தடிமன், ஆகவே வேக்ஸ் போட்டுக்கொள்ளலாம். மூன்று முதல் ஆறு வாரம் தாங்கும். அத்தை மகள் கல்யாணத்துக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. இன்றிலிருந்து ஷேவ் செய்யாதே. முடி ஓர் அரிசி நீளம், அதாவது ஐந்தாறு மில்லிமீட்டர் இருந்தால்தான் மெழுகு வேரோடு எடுக்கும், குட்டையாக இருந்தால் நடுவில் ஒடிந்து உள்நோக்கி வளரும். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு போட்டுக்கொண்டால் கொப்புளம் எழுந்தாலும் அடங்க நேரம் இருக்கும். அக்குளில் முடி இரண்டு மூன்று திசையில் வளர்வதால், ஒரே பட்டையாக இழுக்க விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கச் சொல். அன்று டியோடரண்ட் வேண்டாம். நம் ஊர் வியர்வைக்கு அன்று முழுக்கத் தளர்வான பருத்தி உடைதான் நல்லது. தொடை இடுக்கில் க்ரீம் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். அங்குள்ள மெல்லிய தோலில் பட்டால் வெந்துவிடும்.

இப்போதைக்கு மேலுதட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அடாபலினை நிறுத்திவை. தண்ணீரால் மட்டும் கழுவி, வாசனை சேர்க்காத வாசலினை மெலிதாகத் தடவு. எலுமிச்சை, மஞ்சள், பற்பசை எதுவும் வேண்டாம். உன் பாட்டி சொன்னாலும் வேண்டாம். நம் நிறத் தோலில் புண் ஆறினாலும் கருமை மாதக்கணக்கில் தங்கும், வெயில் பட்டால் இன்னும் ஆழமாகும். ஆகவே மேல்தோல் மூடியதும், வெளியே போகும்போதெல்லாம் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போட்டுக்கொள். நீர் கசிந்தாலோ, மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ எனக்குப் படம் அனுப்பிக் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போய்விடு.

நீ வந்து சேர்ந்த மறுநாள் காலை, கூடத்து ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து நானே த்ரெட்டிங் செய்துவிடுகிறேன். அதற்கு முன் அந்த இடம் முழுவதும் ஆறி, விரலால் தொட்டால் பக்கத்துத் தோலைப் போலவே இருக்க வேண்டும். ஆறவில்லை என்றால் அந்த முடியோடேயே கல்யாணத்துக்கு வா. யாராவது கேட்டால் என்னிடம் அனுப்பு.

அன்புடன்,
அம்மா