கொயின் லிங்க் பகிர இடம் கொடுக்கும் அட்மின்மாருக்கு

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வட்ஸ்அப், டெலிகிராம் குழுக்கள் நடத்தும் அட்மின்மாருக்கு,

வணக்கம். “இரவு எட்டு மணிக்குக் கொயின் பெயர் வரும், காசோடு தயாராக இருங்கள்” என்ற பதிவோடு ஒரு ஸ்கிரீன்ஷொட்டும் வரும். 24 மணி நேர Volume, அதாவது வாங்கி விற்ற மொத்தத் தொகை, ஐந்து லட்சம் டொலர் என்று அதில் இருக்கும். பிள்ளைகள் நம்புவது அந்த எண்ணைத்தான்.

மீன் ஏலத்தில் தன் ஆளையே நிறுத்தி விலை கேட்க வைப்பது போன்றதுதான் இது. கொயினை உருவாக்கியவர் 10,000 டொலரையும் பத்து லட்சம் கொயினையும், யாரும் வாங்கவும் விற்கவும் உதவும் பொதுக் கையிருப்பான ஒரு பூலில் போடுகிறார். ஒரு கொயின் ஒரு சதம். பிறகு தன் இரண்டு வொலெட்டுகளுக்கிடையில் 500 டொலருக்கு வாங்குவதும் விற்பதுமாக பொட் ஒன்றை ஓட விடுகிறார். ஒரு சுற்றுக்கு 1,000 டொலர் Volume. 500 சுற்றில் ஐந்து லட்சம். வர்த்தகக் கட்டணத்தின் பெரும்பங்கு பூலுக்குக் காசு போட்டவருக்கே, அதாவது அவருக்கே, திரும்பி வரும். கட்டணம் மலிவான பிளொக்செயின் என்றால் மிச்சச் செலவு சில்லறைதான்.

இப்போது உங்கள் குழுவில் நூறு பேர் தலைக்கு 100 டொலர், சுமார் முப்பதாயிரம் ரூபா, போடுகிறார்கள் என்று வையுங்கள். டொலரையும் கொயினையும் பெருக்கினால் வரும் எண் மாறாதபடி பூல் இயங்குவதால், அதில் 20,000 டொலரும் ஐந்து லட்சம் கொயினும் ஆகிறது. விலை நான்கு சதம். “நாலு மடங்கு!” என்று குழு துள்ளும். ஆனால் உருவாக்கியவர் கையில் இன்னும் தொண்ணூறு லட்சம் கொயின் இருக்கிறது. அதில் முப்பத்தைந்து லட்சத்தை அவர் விற்றால், கட்டணத்தை விட்டுக் கணக்குப் பார்த்தால், பூலில் 2,500 டொலர்தான் மிஞ்சும். நூறு பேரும் சேர்ந்து விற்றாலும் கிடைப்பது ஏறத்தாழ 278 டொலர். போட்டது பத்தாயிரம்.

2024 ஒக்டோபரில் அமெரிக்காவின் பொஸ்டனில், இப்படிப் போலி Volume காட்டுவதைக் கூலிக்குச் செய்த நிறுவனங்கள் மீது வழக்குகள் வெளியாயின. அவர்களைப் பிடிக்க எஃப்.பி.ஐ. NexFundAI என்று ஒரு கொயினையே உருவாக்கியிருந்தது.

லிங்க் வந்தால் முதலில் Volume-ஐ அல்ல, Liquidity-ஐ, அதாவது பூலில் இருக்கும் காசைப் பாருங்கள். பத்தாயிரம் டொலர் பூலில் ஒரு நாளில் ஐந்து லட்சம் புரண்டால் சந்தேகம் வர வேண்டும். அடுத்தது பரிவர்த்தனைப் பட்டியல்: ஒரே அளவுத் தொகை, ஒரே இடைவெளி, வாங்கலும் விற்றலும் சமம், கொயினை வைத்திருப்பவர்களின், அதாவது Holders எண்ணிக்கை மட்டும் அசையாமல் நிற்கும். சில பொட்டுகள் தொகையையும் நேரத்தையும் கலைத்துப் போடும். அப்போது பரிவர்த்தனைகளை எல்லோருக்கும் காட்டும் BscScan போன்ற தளத்தில் அந்த வொலெட்டுகளுக்கு முதல் காசு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். எல்லாம் ஒரே வொலெட்டிலிருந்து என்றால் விஷயம் வெளிச்சம். பெரிய வொலெட்டுகளின் கையிருப்பும் அங்கேயே தெரியும்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். கொயின் பகிர்கிறவரிடம் contract முகவரியையும், அதை அவர் எப்போது வாங்கினார் என்பதையும் கேளுங்கள். எட்டு மணிக்குப் பெயர் சொல்லப்போகிறவர் ஏழு மணிக்கே வாங்கி வைத்திருப்பார். சொல்ல மறுத்தால் பதிவை நீக்கிவிடுங்கள்.