உப்புதான் வெள்ளை

சத்துவாச்சாரி
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள குமரா,

திட்டாதே. ஆறு மாதமாகப் பதில் போடாதவன் திடீரென்று பக்கம் பக்கமாக எழுதினால் ஏதோ காரியம் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். இருக்கிறது. உன் ஸ்கிரிப்ட் வந்த அன்றே படித்துவிட்டேன். ஆனால் அப்போது என் குறும்படம் நிறம் திருத்தும் டி.ஐ.யில் கிடந்து நாறிக்கொண்டிருந்தது. அந்தக் கதையைச் சொல்லாமல் உனக்கு எதுவும் சொல்ல முடியாது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே. சோடாபுட்டி காட்பாடியிலேயே வீடு வாங்கிவிட்டான், கிரகப்பிரவேசத்துக்கு உன்னைக் கூப்பிடவில்லை என்று நீ கோபிக்க வேண்டாம், என்னையும் கூப்பிடவில்லை. வெயில் பற்றிச் சொல்ல வேண்டுமா? வேலூர் வேலூராகத்தான் இருக்கிறது.

சரி, விஷயம். உன் ஸ்கிரிப்டில் கதை நன்றாக இருக்கிறது, அதைத் தனியாகப் பேசுவோம். ஆனால் ஒவ்வொரு சீன் தலைப்புக்குக் கீழேயும் 'வார்ம் டோன்', 'டீல் ஆரஞ்சு', 'மூடி லைட்டிங்' என்று எழுதி வைத்திருக்கிறாயே, அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்த வார்த்தைகளை வைத்து எடிட்டர் ஒரு படம் பண்ணுவார், கலரிஸ்ட் இன்னொரு படம் பண்ணுவார். நானாவது ஒன்றும் எழுதாமல் மாட்டினேன். நீ எழுதியும் மாட்டப் போகிறாய்.

என் படம் உனக்குத் தெரியும். அப்பா ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்டவர், மகன் குரோமியத்துக்கு மாறியவன். பட்டையில் பதனிட்ட தோல் பழுப்பாக வரும். குரோமியத்தில் போட்ட தோல் டிரம்மிலிருந்து வெளிர்நீலமாக வெளியே வரும், அதனால்தான் அதற்கு 'வெட் ப்ளூ' என்றே பெயர். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் வளர்ந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். அதுதான் வினை. எனக்கு அவ்வளவு தெரிந்த விஷயம் என்பதால் ஸ்கிரிப்டில் எழுதவே தோன்றவில்லை. 14ஆவது சீனில் என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? "டேனரி முற்றம். பகல். தோல்கள் அடுக்கியிருக்கின்றன. அப்பா ஒன்றைத் தொட்டுப் பார்க்கிறார்." அவ்வளவுதான். மகனுடைய காலம் நீலம், அப்பாவுடைய காலம் பழுப்பு, இரண்டும் முதன்முதலாக ஒரே ஃப்ரேமில் வருவது இங்கேதான் என்பது என் மண்டைக்குள் இருந்தது. காகிதத்தில் இல்லை.

கூரை நிழலில் எடுத்தோம். கேமராமேன், பின்னால் நிறம் திருத்த வசதியாக இருக்கும் லாக் முறையில் எடுத்தார், அது எப்படியும் சாயம் போன வேட்டி மாதிரித்தான் தெரியும். எடிட்டருக்குப் பார்க்கக் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று உதவியாளர் யாரோ எங்கிருந்தோ எடுத்த, நிறத்தை மாற்றிக் காட்டும் வார்ம் லட் ஃபைல் ஒன்றைப் போட்டு, எடிட்டுக்கான பிராக்ஸி நகல் கொடுத்துவிட்டார். அந்த லட் நீலத்தைச் சாம்பலாக்கிவிட்டது. எடிட்டர் மூன்று வாரம் சாம்பல் நிறத் தோலைப் பார்த்துப் பழகினார். அவர் மேல் தப்பில்லை. நீலத்தை அவர் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை, அதனால் நீலம் தெரியும் வைட் ஷாட்டை ஒன்றரை வினாடிக்கு வெட்டிவிட்டு அப்பாவின் கை ஷாட்டுக்குப் போய்விட்டார்.

அதைவிட ஒரு கொடுமை 6ஆவது சீனில். பட்டைத் தொட்டிக் கொட்டகை, உள்ளே ஒரே ஒரு ஜன்னல் வெளிச்சம். அந்த லட் நிழலை எல்லாம் கறுப்பாக அழுத்திவிட்டது. அப்பா சும்மா திரும்பி உட்காரும் டேக் ஒன்று இருந்தது, அன்று செட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த டேக். "முகமே தெரியலையே சார்" என்று எடிட்டர் அதை ஒதுக்கிவிட்டார். பின்னால் டி.ஐ.யில் ஒரிஜினல் ஃபைலைத் திறந்தால் முகம் முழுசாக இருக்கிறது. கண் ஓரத்தில் ஈரம்கூட இருக்கிறது. எடிட் பூட்டி, சவுண்டும் முடிந்திருந்தது. நான் வெளியே போய் இரண்டு டீ குடித்துவிட்டு வந்தேன்.

அப்புறம் 14. கலரிஸ்ட் நல்ல பையன், கை சுத்தம். ஆனால் டேனரியை வாழ்க்கையில் பார்த்ததில்லை. நிழலில் எடுத்த பகல் ஷாட், எங்கும் லேசான நீலம். இவர்கள் தொழிலில் முதல் வேலையே அதுதானே: நிழலின் நீலத்தைக் கழித்து ஷாட்டை நடுநிலைக்குக் கொண்டுவருவது. தோலை வெளுத்த தோல் என்று நினைத்து, அதையே வெள்ளையாக வைத்துப் பேலன்ஸ் பண்ணிவிட்டார். தோல் வெள்ளையாகிவிட்டது. என் படத்தின் முதல் நீலம் போச்சு.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்கிறாயா? தோலைப் பார்த்து இல்லை. மூலையில் உப்புக் குவியல் இருந்தது, பச்சைத் தோலில் போடும் உப்பு. அது மஞ்சளாக இருந்தது. உப்பு எந்த ஊரில் மஞ்சளாக இருக்கும்? ஒரு பொருளிலிருந்து நீலத்தைப் பிடுங்கினால் ஃப்ரேமில் இருக்கும் எல்லாவற்றிலும் மஞ்சள் ஏறும். அப்பா முகமும் காமாலை வந்தது போல இருந்தது. நிறத்தை அளந்து காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் மனிதத் தோல் நிறத்துக்கென்று ஒரு கோடு இருக்கிறது, கறுப்போ சிவப்போ மனித முகம் பெரும்பாலும் அதன் அருகில்தான் விழும். அப்பா அந்தக் கோட்டை விட்டு மஞ்சள் பக்கம் நன்றாகவே தள்ளி நின்றார்.

"தோலை மட்டும் பிடித்து நீலம் ஏற்றட்டுமா சார்?" என்றார் கலரிஸ்ட். ஏற்றிப் பார்த்தோம். அப்பாவின் வெள்ளை வேட்டியும் சேர்ந்து நீலமாச்சு, வேட்டியை விலக்க மாஸ்க் போட்டால் அவர் நடக்கும்போது ஓரம் துடித்தது. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, உப்புதான் வெள்ளை என்று வைத்து அடியிலிருந்து ஆரம்பித்தார். பத்தே நிமிஷம். உப்பு வெளுத்தது, முகம் கோட்டுக்கு வந்தது, தோல் தானாகவே நீலமாக நின்றது. அந்தப் பத்து நிமிஷத்துக்காக அதற்கு முன் ஒன்றரை நாள் வாடகை கொடுத்தோம். ஸ்கிரிப்டில் ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

அந்த வரியை இப்போது எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த படத்துக்கு மாதிரியாக. பார்:

"சீன் 14. நிழல் பகல். மூலையில் உள்ள உப்புதான் வெள்ளை. தோல் வெளிர்நீலம், அது பொருளின் நிறம், திருத்த வேண்டாம். முகத்தில் நீலம் ஏறக் கூடாது. பின்னால் டிரம் இருட்டிலும் தெரிய வேண்டும். படத்தில் நீலம் வரும் முதல் இடம் இது."

கவனித்தாயா, 'வார்ம்' இல்லை, 'கூல்' இல்லை. எது வெள்ளை, எது நிஜமாகவே நிறமுள்ள பொருள், நிழல் எவ்வளவு ஆழம், எதைத் தொடக் கூடாது. கடைசி வரி எடிட்டருக்கு. அது இருந்திருந்தால் அந்த வைட் ஷாட்டை அவர் ஒன்றரை வினாடியில் வெட்டியிருக்க மாட்டார். இப்படி எல்லாச் சீனுக்கும் எழுதாதே, படிக்கிறவன் ஓடிவிடுவான். முன்னால் ஒரே ஒரு பக்கம் வை. நிறத்துக்குப் பெயர் வைக்கும்போது உன் கதைக்குள் இருக்கும் பொருளின் பெயரையே வை. எனக்குப் பட்டை, உப்பு, நீலம் என்று மூன்றே பெயர்தான். சீன் தலைப்புக்குப் பக்கத்தில் அந்த ஒற்றைச் சொல் போதும். மாறும் இடத்தில் மட்டும் நாலு வரி. எடிட்டருக்கும் டி.ஐ.க்கும் ஒரே லட் போக வேண்டும், அதன் ஃபைல் பெயரும் அந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உன் ரெஃபரன்ஸ் படங்களுக்கு வருகிறேன். அறுபது படம் ஒட்டியிருக்கிறாய். கல்யாண ஆல்பமாடா இது? சரி, மழை ஜன்னல் படத்தை நம் பல்லவனிடம் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டேன், பச்சை என்றான். எனக்கு அதில் தெரிந்தது நிழலின் ஆழம். நீ எதற்காக வைத்தாய் என்று உனக்குத்தான் வெளிச்சம். ஒரு பெயருக்கு ஒரு படம் போதும், அதன் கீழே 'இதிலிருந்து இருட்டை மட்டும் எடு, நிறத்தை எடுக்காதே' என்று எழுது. அந்தப் படத்தையும் டெஸ்ட் ஷூட்டில் உன் கேமராவில், உன் நடிகரின் முகத்தில் எடுத்ததாக மாற்றிவிட முடிந்தால் இன்னும் நல்லது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதே, நசுக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பு. எங்கள் தயாரிப்பாளர் மாமா ராத்திரி பதினோரு மணிக்குப் போனில் பார்த்துவிட்டு "படம் பூரா மஞ்சளா இருக்குதுப்பா" என்று குதித்தார். கண்ணுக்கு இதம் என்று போனில் மஞ்சள் ஃபில்டர் தானாக ஆன் ஆகியிருந்தது.

ஒன்று மட்டும் சீரியஸாகச் சொல்கிறேன், இதை எந்தக் குறிப்பும் காப்பாற்றாது. உன் 31ஆவது சீன். பாலாற்றுப் பாலம், இரவு, சோடியம் விளக்கு, தூரத்தில் வரும் அக்காவைச் சிவப்புத் துப்பட்டாவை வைத்துத் தம்பி அடையாளம் கண்டுகொள்கிறான். சோடியம் விளக்கின் ஒளியில் பெரும்பகுதி மஞ்சள், ஆரஞ்சுப் பக்கமே இருக்கும். அதன் கீழே சிவப்பு, மங்கிய பழுப்பாகத்தான் தெரியும், பக்கத்தில் பச்சைத் துப்பட்டா வந்தால் அதுவும் ஏறக்குறைய அதேதான். கேமராவுக்குள் வராத சிவப்பைக் கலரிஸ்ட் எங்கிருந்து கொண்டுவருவார்? சோடியம் வேண்டுமென்றால் அடையாளத்தை நடையில் வை, நொண்டி நடக்கட்டும், குடை பிடிக்கட்டும். சிவப்புதான் வேண்டுமென்றால் வெள்ளை எல்.ஈ.டி. தெருவுக்குப் போ, அல்லது அவள் ஒரு லாரி ஹெட்லைட்டைக் கடக்கட்டும். லாரி யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஒரே ஒரு நொடி சிவப்பு. எடுத்துக்கொள், காசு வேண்டாம்.

அந்த 6ஆவது சீன் டேக்கை நான் தனியாக வைத்திருக்கிறேன். படத்தில் இல்லை. நீ வரும்போது போட்டுக் காட்டுகிறேன், யாரிடமும் சொல்லாதே, எடிட்டர் வருத்தப்படுவார். அம்மா முள்ளுக் கத்தரிக்காய் வாங்கி வைப்பாள், வருவதை முந்தின நாளே சொல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், சோடாபுட்டி வந்து உட்கார்ந்துகொள்வான்.

உன்
சேகர்