சோதனையில் தேற வேண்டியதில்லை

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் நலம். அவருக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது. இப்போது கைத்தடி இல்லாமலே மாடி ஏறுகிறார்; ஏறி முடித்ததும் எங்களை அழைத்து அறிவிக்கவும் செய்கிறார். எனக்கு அடுத்த ஆண்டு பணி ஓய்வு. ஆய்வகத்தில் ஊரார் ரத்தத்தைப் பார்த்தது போதும் என்று ஒரு நாள் தோன்றுகிறது, மறுநாள் அப்படித் தோன்றுவதில்லை.

நித்யா கர்ப்பமாகி 26 வாரம் ஆகிவிட்டது என்பதைப் படித்து மகிழ்ந்தேன். அடுத்த வரியைப் படித்ததும்தான் பேனாவை எடுத்தேன். குளுக்கோஸ் தண்ணீர் குடித்துச் செய்யும் கர்ப்பகால நீரிழிவுச் சோதனையில் நல்ல எண் வர வேண்டும் என்று ஒரு வாரமாக அவள் சோறு, ரொட்டி, கிழங்கு எதையும் தொடுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். அதை இன்றே நிறுத்தச் சொல். அவள் நினைப்பதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும்.

மாவுச்சத்து வராத நாட்களில் கணையத்துக்கு வேலை குறைவு. சர்க்கரை வந்தவுடன் இன்சுலினைச் சட்டென்று அள்ளிவிடும் பழக்கம் அதற்குத் தளர்ந்துபோகிறது. அந்த நிலையில் திடீரென்று 75 கிராம் குளுக்கோஸை உள்ளே அனுப்பினால் அது தடுமாறும். இன்சுலின் தாமதமாகவே வரும். நோய் இல்லாதவளுக்கும் எண் கூடிக் காட்டும். அதனால்தான் சோதனைக்கு முந்தைய மூன்று நாட்களும் வழக்கம்போலச் சாப்பிடச் சொல்கிறோம். கணக்கு வேண்டுமென்றால் நாளுக்கு 150 கிராம் மாவுச்சத்தாவது இருக்க வேண்டும். மூன்று வேளையும் முறையாகச் சாப்பிடுகிறவளுக்கு அதை எண்ணிப் பார்க்கும் தேவையே இல்லை.

எங்களிடம் வந்த ஒரு பெண்ணின் முடிவைச் சொல்கிறேன். வெறும் வயிற்றில் 84, ஒரு மணி நேரத்தில் 172, இரண்டு மணி நேரத்தில் 161. பலரும் பின்பற்றும் அளவுகோலில் வரம்புகள் முறையே 92, 180, 153. எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. மூன்றில் ஒன்று வரம்பைத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு என்று எழுதிவிடுவார்கள். அவளுக்குக் கடைசி எண் மட்டும் தாண்டியிருந்தது. மருத்துவர் உணவைப் பற்றி விசாரித்தபோது, பத்து நாட்களாக மாவுச்சத்தை ஒதுக்கியிருந்தது தெரியவந்தது. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பச் சொல்லி, சில நாள் கழித்து மறுபடி வரவழைத்தார். இம்முறை 82, 149, 121. எல்லோருக்கும் இப்படித் திரும்பிவிடும் என்று நினைக்காதே. உண்மையாகவே நோய் உள்ளவளுக்கு எத்தனை முறை செய்தாலும் எண் கூடுதலாகத்தான் நிற்கும். ஆனால் தயாரிப்பு சரியில்லை என்றால் எது நோய், எது பட்டினியின் விளைவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்த வாரங்களில் ஏன் செய்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினை மந்தமாக்கும். குழந்தைக்குச் சர்க்கரை தாராளமாகப் போய்ச்சேர இயற்கை செய்த ஏற்பாடு அது. 24 முதல் 28 வாரத்துக்குள் அந்த மந்தம் நன்றாகவே தெரியத் தொடங்கும். பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும். அது முடியாதவர்களுக்குத்தான் இந்த நீரிழிவு. நித்யா இனிப்பு தின்றதால் வந்தது என்று யாராவது சொன்னால் நீயே பதில் சொல்லிவிடு.

சோதனை நாளுக்கு வருகிறேன். முந்தைய இரவு சாப்பிட்ட பிறகு குறைந்தது எட்டு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். பதினான்கு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. இரவு ஒன்பதுக்குச் சாப்பிட்டுவிட்டுக் காலை எட்டுக்கு வந்தால் கச்சிதம். வெறும் தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும்; நீர் வற்றிய உடம்பில் நரம்பைத் தேடி ஊசி குத்துவது இரு தரப்புக்கும் சிரமம். காபி, தேநீர், சூயிங்கம் எதுவும் கூடாது. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை அன்று காலை எப்போது எடுப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும். குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்காகவோ ஆஸ்துமாவுக்காகவோ அண்மையில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். அது சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றிவைத்திருக்கும், சோதனையைத் தள்ளிவைப்பார்கள்.

முதலில் வெறும் வயிற்று ரத்தம். பிறகு 250 முதல் 300 மில்லி தண்ணீரில் கரைத்த 75 கிராம் குளுக்கோஸ். அதை ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். தித்திப்பு தொண்டையில் ஒட்டும். குளிரவைத்துத் தரச் சொன்னால் குமட்டல் குறையும்; சில துளி எலுமிச்சைச் சாறு விடலாமா என்று ஆய்வகத்தில் கேட்டுக்கொள்ளட்டும். குடிக்கத் தொடங்கிய நிமிடத்திலிருந்துதான் கணக்கு, முடித்ததிலிருந்து அல்ல. அதிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு முறை, இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். அதுவரை உட்கார்ந்தே இருக்க வேண்டும். நடந்தால் தசைகள் சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும். எண் பொய்யாக இறங்கிவிடும். படிக்க ஏதாவது கொண்டுவரட்டும். வாந்தி எடுத்துவிட்டால் மறைக்கக் கூடாது. அன்றைய சோதனை செல்லாது. இன்னொரு நாள் வர வேண்டியதுதான்.

இதில் ஆய்வகத்தின் பங்கும் உண்டு. அதை நாங்கள் வெளியே அதிகம் பேசுவதில்லை. குழாயில் இருக்கும் ரத்தச் செல்கள் அங்கேயும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு ஐந்து, ஆறு சதவீதம்கூடக் குறையலாம். 95 இருந்த ரத்தம் காத்துக்கிடந்தே 90 ஆகிவிட்டால், நோய் உள்ளவள் "நார்மல்" என்று வீடு திரும்புவாள். சாம்பல் மூடிக் குழாயில் உள்ள ஃபுளூரைடு இதைத் தடுக்கும். ஆனால் முதல் ஒரு மணி நேரம் அதுவும் முழுதாக வேலை செய்யாது. அதனால் ரத்தத்தை உடனே பனிக்கட்டியில் வைத்துச் சீக்கிரம் இயந்திரத்தில் சுழற்றிச் செல்களைப் பிரித்துவிடுவதே முறை. ஆய்வுக்காக வேறு ஊருக்கு அனுப்பும் இடமாக இருந்தால், ரத்தத்தை எங்கே, எவ்வளவு நேரத்தில் பிரிக்கிறார்கள் என்று நீ தயங்காமல் கேள். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவியை வைத்து நோயை முடிவுசெய்யாமல், நரம்பில் எடுத்த ரத்தத்தைக் கொண்டே முடிவுசெய்வது நல்லது.

இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இந்தச் சோதனையே ஆகாது. நித்யாவுக்கு அது பொருந்தாது. இருந்தாலும் உன் அக்காவின் மருமகளுக்கு நினைவில் வை. அவர்களுக்கு வீட்டிலேயே சில நாள் கருவியில் அளந்து முடிவுசெய்வார்கள்.

இனி, முடிவு எப்படி வந்தாலும், குடிப்பதைப் பற்றி. சாப்பாட்டைக் கவனிக்கிறவர்கள்கூடக் கோப்பையை மறந்துவிடுகிறார்கள். 330 மில்லி சோடா பானம் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. சோதனையில் கொடுத்ததில் ஏறக்குறைய பாதி. ஊசி மட்டும்தான் இல்லை. வீட்டில் பிழிந்த ஆரஞ்சுச் சாறு 200 மில்லியில் 20 கிராம் வரை வரும். பழமாகக் கடித்தால் ஒன்று போதும், நார்ச்சத்தும் கூடவே போகும். சாறாகப் பிழியும்போது மூன்று பழம் ஒரே மூச்சில் உள்ளே இறங்கிவிடுகிறது. "சர்க்கரை சேர்க்கவில்லை" என்று புட்டியில் எழுதியிருப்பதை நம்பி ஏமாறாதே. சாறாகப் பிழிந்த பழத்தின் சர்க்கரையும் வேகமாகத்தான் ஏறும். தேனும் வெல்லமும் அப்படித்தான். புட்டியைத் திருப்பி 100 மில்லிக்கு எவ்வளவு மாவுச்சத்து என்று பார்த்து, மொத்த அளவோடு பெருக்கட்டும். 100 மில்லிக்கு 11 கிராம் என்று சிறிய எழுத்தில் இருந்தால், அரை லிட்டர் புட்டியில் 55 கிராம்.

தாகத்துக்குத் தண்ணீர். சுவை வேண்டுமானால் எலுமிச்சைத் துண்டோ புதினாவோ போடட்டும். இனிக்காத தேநீர், காபி இருக்கலாம். காஃபீன் நாளுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டாமல், இரும்பு மாத்திரையோடு சேராமல். பால் நல்லதுதான். ஆனால் அதிலும் 200 மில்லிக்குப் பத்து கிராம் அளவில் இயற்கைச் சர்க்கரை உண்டு. காலையில்தான் இன்சுலின் மிக மந்தமாக இருக்கும் என்பதால், காலை உணவோடு பால் குடித்தால் எண் எகிறும் சிலர் உண்டு. அதே பாலை மாலைக்கு மாற்றினால் அடங்கிவிடும். மாவுபோல இருக்கும் ஊட்டச்சத்துப் பொடிகளை நானாக வாங்க மாட்டேன். பலவற்றில் மால்ட்டும் சர்க்கரையும்தான் முதல் வரியில் இருக்கின்றன.

எந்தப் பானம் அவளுக்கு ஆகும் என்று என்னைக் கேட்பதைவிடக் கருவியைக் கேட்கட்டும். கர்ப்பகால நீரிழிவு என்று வந்தால் வீட்டில் அளக்கச் சொல்வார்கள். பொதுவான இலக்கு வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழ். ஒரு நாள் பாலுடன் காலை உணவு, மறுநாள் அதே உணவு பால் இல்லாமல். இரண்டையும் எழுதிவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குத்த வேண்டும். பழம் உரித்த விரலில் அளந்து 190 வந்து அழுத பெண்ணை எனக்குத் தெரியும். கழுவிவிட்டு அளந்தபோது 112.

பழச்சாற்றை வீட்டிலிருந்து அடியோடு துரத்திவிடவும் வேண்டாம். அவளுக்கு இன்சுலின் போட நேர்ந்தால், கை நடுங்கி வியர்த்து எண் 70-க்குக் கீழே போகும் நாளில் அதே சாறு அரைக் கோப்பை மருந்தாகும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.

நோய் உறுதியானால், குழந்தை பிறந்து 4 முதல் 12 வாரத்துக்குள் இதே 75 கிராம் சோதனையை ஒருமுறை செய்ய வேண்டும். பிள்ளை பெற்ற வீட்டில் அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நாட்காட்டியில் நீயே குறித்துவை.

முடிவு வந்ததும் மூன்று எண்களையும், ரத்தம் எடுத்த நேரங்களையும் எழுதி அனுப்பு. "நார்மல்" என்று மட்டும் எழுதாதே.

அன்புடன்,
உன் சாந்தா